புடவையைக் காட்டும் படம், புடவையைச் சோதிக்கும் படம்

பெங்களூரில் அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் பல தமிழ்க் குடும்பங்களின் பீரோக்களில், யாரும் உடுத்தாத காஞ்சிபுரம் பட்டுகள் அந்துருண்டை வாசனையோடு கிடக்கின்றன. முன்பெல்லாம் அவற்றை விற்க வேண்டுமென்றால் சிக்பேட்டைக்கு எடுத்துப் போவார்கள். கடைக்காரர் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கரையைத் திருப்பிப் பார்த்து, விலை சொல்வார். இப்போது அந்த வேலையைக் கைப்பேசிப் படம் செய்ய வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிறார். கடைக்காரரின் விரலும் கண்ணும் கண்டுபிடித்ததைப் படம் சொன்னால்தான் பேரம் நேர்மையாக நடக்கும்.

பழைய புடவைகளைப் படத்தில் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வரும் படங்களில் பெரும்பாலானவை அழகானவை, ஆனால் எதற்கும் பதில் சொல்லாதவை. மல்லேஸ்வரத்து அக்கா ஒருவர் தன் மாமியாரின் மயில்கழுத்து நிறப் புடவையை விற்க அனுப்பிய படமும் அப்படித்தான். அரக்கு நிறக் கரை, அரக்கு முந்தானை. கூடத்து மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில், சோபாவின் மேல் விரித்துப்போட்டு எடுத்திருந்தார். "நன்றாகத்தானே விழுந்திருக்கிறது, தம்பி. இதில் இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டார். தெரிய வேண்டியவை நான்கு. கரை உண்மையான கோர்வையா? மடிப்புகளில் பட்டு இற்றுப்போயிருக்கிறதா? எங்காவது இழையெடுத்துத் தைத்திருக்கிறார்களா? ஜரிகை எந்த நிலையில் இருக்கிறது?

முதல் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் விலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது அதுதான். கோர்வைப் புடவையில் குறுக்கே ஓடும் இழையான ஊடை உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இதற்கு ஊடையை இழுத்தோடும் நாடா மூன்று வேண்டும், தறியில் கூடுதலாக ஓர் ஆளும் வேண்டும். கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடும். நம்முடைய மயில்கழுத்துப் புடவையில் நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், ஊடை பச்சை. கோர்வையாக இருந்தால் கரையில் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. இல்லையென்றால் அரக்குப் பாவுக்கிடையே பச்சை ஊடை புள்ளி புள்ளியாகத் தெரியும், கரை கொஞ்சம் மங்கிப் பழுப்படித்தாற்போல இருக்கும்.

இதைச் சோபாப் படத்தில் ஏன் பார்க்க முடியவில்லை என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று சொல்லிவிடும். இந்தப் புடவையில் அளவுகோலை வைத்து எண்ணினால் ஒரு செ.மீ.க்குச் சுமார் 40 இழை, அதாவது ஒரு மி.மீ.க்கு நான்கு. கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படத்தில் அகலவாக்கில் ஏறத்தாழ 4000 பிக்சல் இருக்கும். சோபாப் படம் ஒன்றரை மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. 4000-ஐ 1500 மி.மீ.யால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு இரண்டே முக்கால் பிக்சல்கூட இல்லை. அதை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும்போது நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவது மி.மீ.க்கு ஒரு பிக்சல். நான்கு இழைகள் ஒரே புள்ளிக்குள் கரைந்துவிட்டன. அரக்கும் பச்சையும் அந்தப் புள்ளிக்குள் கலந்தால் பழுப்பு. மஞ்சள் எல்இடியின் கீழ் சுத்த அரக்கும் பழுப்பாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் படத்தில் தகவலே இல்லை. திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்த்துப் பயனில்லை. கரைந்துபோன இழை திரும்பி வராது.

இதற்கு விலை கூடிய கைப்பேசி தேவையில்லை. படச் சட்டத்துக்குள் அடங்கும் பரப்பைச் சிறிதாக்கினாலே போதும். கரையும் உடலும் சேரும் இடத்தில் 10 செ.மீ. அகலம் மட்டும் படத்தை நிறைக்கும்படி எடுத்தால், அதே 4000 பிக்சல் 100 மி.மீ.க்குள் வந்துவிடுகிறது. மி.மீ.க்கு 40 பிக்சல், இழைக்கு 10. வாட்ஸ்அப் அதை 1600 ஆக்கினாலும் இழைக்கு நான்கு பிக்சல் மிஞ்சும். கொள்கையளவில் ஓர் இழைக்கு இரண்டு பிக்சல் இருந்தாலே அதைப் பிரித்துக் காட்டலாம். ஆனால் கை அசைவு, லென்ஸின் மங்கல், கோப்பைச் சுருக்கும்போது ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்து அந்த இரண்டைத் தின்றுவிடும். நான்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். முடிந்தால் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்வேன், அப்போது கோப்பு அப்படியே போகும்.

50, 108 என்று பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலை நம்பி முழுப் புடவையையும் ஒரே படத்தில் அடக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைப்பேசிகள் பல சிறு ஒளியுணர்விகளை ஒன்றாகக் கூட்டி, வழக்கமாக 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. முழு எண்ணிக்கையில் எடுக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தாலும், அவ்வளவு சிறிய உணர்விகளுக்கு வீட்டு வெளிச்சம் போதுவதில்லை. வெளிச்சம் குறைந்தால் படத்தில் குருணை வரும். அதைத் துடைக்க கைப்பேசி தானாகவே படத்தை வழவழப்பாக்கும். குருணையையும் பட்டிழையையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். புடவை மெழுகு பூசியதுபோல் தெரிந்தால் காரணம் இதுதான். நுணுக்கம் வேண்டுமென்றால் முதலில் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்.

இன்னொரு தொல்லை, மிக அருகில் போவது. புதிய கைப்பேசிகள் பலவற்றில் பிரதான கேமரா ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. சில கைப்பேசிகள் சொல்லாமலே வேறு கேமராவுக்கு மாறிவிடும். மலிவான கைப்பேசிகளில் 'மேக்ரோ' என்ற பெயரில் இருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவால் இந்த வேலைக்குப் பயனில்லை. இரண்டு மடங்கு தொலைநோக்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்பதே நல்லது. நிழலும் விழாது, ஓரங்களும் வளையாது.

எடுத்த படம் தேறியதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கோர்வை இணைப்பை ஒட்டி ஒரு ஸ்டீல் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். படத்தை முழு அளவில் திறந்து பார்த்தால் மி.மீ. கோடுகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். சட்டத்தின் இடக் கோடியிலும் வலக் கோடியிலும் ஒரே அளவில், ஒரே கூர்மையில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் கைப்பேசி துணிக்கு இணையாக இல்லை என்று அர்த்தம். சாய்வாக எடுத்த படம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கூர்மையான பட்டை ஒன்று மட்டும் நடுவில் ஓடும், இழையையும் எண்ண முடியாது. துணியைத் தரையில் விரித்து நேர் மேலிருந்து எடுப்பதே சோதனைக்கு ஏற்ற கோணம்.

பட்டில் சில சமயம் அலையலையாக வானவில் பட்டைகள் தெரியும். இழைகளின் அடுக்கும் பிக்சல்களின் அடுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் மோதும்போது பிறக்கும் பொய்க்கோலம் அது. மொய்ரே என்பார்கள். படத்தைப் பெரிதாக்கினால் பட்டை இடம் மாறினாலோ மறைந்தாலோ அது திரையில் பிறந்தது. பெரிதாக்கியும் அசையாமல் நின்றால் படத்திலேயே பதிந்துவிட்டது, இன்னும் நெருங்கி எடுக்க வேண்டும். நெருங்கியும் அதே இடத்தில் நின்றால்தான் அது புடவையில் இருக்கும் கோடு.

அக்கா மறுபடியும் எடுத்து அனுப்பிய கோர்வைப் படத்தில் பச்சை ஊடை இணைப்புவரை வந்து நின்றது. அதற்கப்பால் அரக்குக்குள் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. துணியைத் திருப்பிப்போட்டு எடுத்த படத்தில், இணைப்பு நெடுக இரு நிற இழைகளும் கோத்துக்கொண்ட சின்ன மேடு தெரிந்தது. கோர்வைதான். இந்தச் சோதனைக்கு ஜரிகை இல்லாத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஜரிகை நெருங்கிய கரையில் ஊடையின் நிறம் மேலே தெரியாது, பின்பக்கப் படம்தான் கைகொடுக்கும்.

இனி வெளிச்சம். வாங்குகிறவர்கள் அதிகம் சண்டை போடுவது நிறத்துக்காக. மயில்கழுத்தில் அந்தச் சண்டை தவிர்க்க முடியாதது, ஏனென்றால் அந்தப் புடவைக்கு ஒரே நிறம் கிடையாது. பட்டிழை என்பது மிக மெல்லிய உருளை. ஒளி அதைக் குறுக்கே தாக்கினால் அதன் வளைவைச் சுற்றி விசிறிபோல் சிதறி, மேலே இருக்கும் கேமராவுக்கும் வந்து சேரும். இழையின் நீளவாக்கிலேயே தாழ வந்து பட்டால் அப்படியே வழுக்கி முன்னால் போய்விடும், கேமராவுக்கு வராது. ஆகவே ஜன்னல் வெளிச்சம் பாவு ஓடும் திசையில் வந்தால் குறுக்கே கிடக்கும் பச்சை ஊடை மின்னும். புடவையைக் கால் வட்டம் திருப்பிப் போட்டால் நீலப் பாவு எழும்பும். கைப்பேசியைத் திருப்பினால் இது நடக்காது. துணியைத்தான் திருப்ப வேண்டும். ஒரே இடத்தை இப்படி இரண்டு படமாக எடுத்து அனுப்பினால் வந்த பிறகு "நீங்கள் காட்டியது நீலம், இது பச்சை" என்ற வழக்கே எழாது.

சட்டம் முழுவதும் ஒரே நிறம் நிறைந்தால் கைப்பேசி குழம்பி அந்த நிறத்தைத் தணித்துக் காட்டும். ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்தால் பார்ப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும்: தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறத்தை ஓரளவு நம்பலாம், மஞ்சளாகத் தெரிந்தால் நம்பக்கூடாது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பது நல்லது. இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் பாதித் துணி ஒரு நிறம், மீதி வேறு நிறம். பெங்களூர் அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்கும். அது கிளிப்பச்சையாக இருந்தால் உங்கள் வெள்ளைத் தாளும் கிளிப்பச்சைதான். அப்படிப்பட்ட வீட்டில் மொட்டை மாடி நிழல்தான் கதி. ஜூன், ஜூலை மேகமூட்டத்தில் இந்த ஊரின் வானமே பெரிய வெண்திரையாகிவிடுவது இதற்கு வசதி.

ஜரிகைக்கு அந்த வெண்திரை கட்டாயம் வேண்டும். ஜரிகை என்பது நூலைச் சுற்றிய தட்டையான உலோகக் கம்பி, ஏறத்தாழக் கண்ணாடி. டார்ச்சோ ஃபிளாஷோ அடித்தால் அது டார்ச்சையே திருப்பிக் காட்டும். சில புள்ளிகள் வெள்ளையாய்ப் பொரிந்து, மற்ற இடம் கறுத்துப்போகும். உண்மையில் கறுத்த ஜரிகையையும் வெளிச்சம் படாததால் கறுப்பாகத் தெரியும் ஜரிகையையும் பிரிக்க முடியாது. ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் தகட்டை நிறுத்தினால் ஜரிகைக்கு எல்லாப் பக்கமும் வெண்மைதான் தெரியும். அப்போது கம்பியின் சுற்றுகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். திரையில் ஜரிகையைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்றுக் கீழே இழுத்துவிட வேண்டும். பட்டு கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை, ஜரிகை வெள்ளையாய்ப் பொரிந்துவிட்டால் அங்கே பார்க்க ஒன்றுமே மிஞ்சாது.

இழையெடுத்துத் தைத்த இடத்தை, அதாவது டார்னிங்கை, தேடும்போது இதற்கு நேர்மாறான வெளிச்சம் தேவை. இருட்டிய அறையில் இன்னொரு கைப்பேசியின் டார்ச்சைத் துணியிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் பிடித்து ஒளியைத் துணியின் மேல் தவழவிட வேண்டும். கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. அந்தத் தாழ்வான ஒளியில் ஒரு நூலளவு மேட்டுக்கும் நீண்ட நிழல் விழும். முந்தானை தொடங்கும் இடத்தில் உடலின் பாவோடு முந்தானைப் பாவை இணைக்கும் பெட்னி, மெல்லிய வரப்பாக எழுந்து தெரியும். இழுபட்ட நூலும், டார்னிங் செய்த இடமும் அப்படியே வெளிப்படும். இதில் சந்தேகம் வரும் இடம், தெரிவது மேடா கறையா என்பது. டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இன்னொரு படம் எடுத்தால் தீர்ந்தது. நிழல் பக்கம் மாறினால் மேடு அல்லது மடிப்பு. மாறாமல் அப்படியே கிடந்தால் கறை. அக்காவின் புடவையில் முந்தானைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலச் சதுரம் ஒன்றின் நிழல் இரண்டாவது படத்தில் பக்கம் மாறியது. அந்தச் சதுரத்துக்குள் இழைகளின் மினுமினுப்பும் சுற்றியிருந்ததிலிருந்து வேறாக இருந்தது. எப்போதோ டார்னிங் செய்திருக்கிறார்கள். அக்காவுக்கே அது தெரியாது.

கடைசிப் படம் துணிக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் எடுப்பது. பழைய பட்டில் இதை விட்டால் எல்லாம் வீண் என்பேன். பட்டு வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பில்தான் முதலில் இறும். முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் அது வெறும் மடிப்புக் கோடாகவே தெரியும். ஒளி ஊடுருவி வரும்போது இழை அறுந்த இடம் பளிச்சென்று கீறலாகத் தெரியும். கொடியில் தொங்கவிட்டு எடுக்கக் கூடாது. இற்ற பட்டு தன் எடையிலேயே கிழியும். கண்ணாடி மேசையின் மேல் விரித்து, கீழே வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் விளக்கடித்தால் போதும். சட்டத்தில் துணி மட்டுமே இருக்க வேண்டும். ஓரத்தில் வெறும் கண்ணாடி தெரிந்தால் கைப்பேசி அந்தப் பிரகாசத்துக்கு ஏற்பத் துணியை இருட்டாக்கிவிடும். மயில்கழுத்துப் புடவையின் நடு உடலில், நீளவாக்கு மடிப்பு ஒன்றில் 7 செ.மீ. தூரத்துக்கு ஒளிக் கீறல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஊடை அறுந்து, நீலப் பாவு மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது.

கைப்பேசி சரிவராதவர்களுக்கு நகல் எடுக்கும் கடையின் ஸ்கேனர் ஒரு மாற்று. 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்தால் மி.மீ.க்கு 23 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். இந்தப் புடவையின் இழையை எண்ண அது தாராளம். கோர்வைக்கு நன்றாக உதவும். ஜரிகைக்கு உதவாது, அதன் விளக்கு ஒரே கோணத்தில் அடிப்பதால். மலிவான ஸ்கேனர்களில் கண்ணாடியிலிருந்து சற்றே எழும்பிய மடிப்புகூட மங்கிவிடும்.

எவ்வளவு நல்ல படமும் சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன. பட்டு அசலா என்பதை இழையின் தோற்றத்தை வைத்து ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது. அதற்கு எரித்துப் பார்க்கும் சோதனையோ ஆய்வகமோ வேண்டும். இந்த ஊரில் போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்போன சந்திப்புக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கும் மத்தியப் பட்டு வாரியம்தான் 'சில்க் மார்க்' முத்திரைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த முத்திரையும் பட்டுக்குத்தான் பொறுப்பேற்கிறது, ஜரிகைக்கு அல்ல. ஜரிகை தேய்ந்த இடத்தில் சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்று பலர் நம்புகிறார்கள். அசல் ஜரிகையில் வெள்ளிக் கம்பிக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருப்பது உண்மைதான். ஆனால் போலி செய்கிறவர்களுக்கும் சிவப்புச் சாயம் கிடைக்கும். படம் காட்டக்கூடியது எதிர்ச்சாட்சியை மட்டுமே: தேய்ந்த இடத்தில் பளபளப்பான பிளாஸ்டிக் சவ்வு உரிந்திருந்தால் அது ஜரிகையே அல்ல, பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. வெள்ளி எவ்வளவு என்பதை உலோகத்தை அளக்கும் எக்ஸ்-ரே கருவிதான் சொல்லும்.

அக்காவின் ஜரிகையில் சவ்வும் இல்லை, களிம்பும் இல்லை, வெள்ளி கறுக்கும் விதத்தில் அங்கங்கே லேசாகக் கறுத்திருந்தது. சென்னையில் இருக்கும் வாங்குகிறவர் கோர்வைப் படத்தையும் ஒளிக் கீறல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மடிப்புக்காகவும் டார்னிங்குக்காகவும் விலையைக் குறைத்துக் கேட்டார். ஜரிகையைக் கருவியில் சோதித்த பிறகு பாக்கித் தொகை என்று பேசி முடித்தார்கள்.